போத்தலில் 398 என்று எழுதியிருக்கிறது, வீட்டில் நிறுத்தால் 412

கொக்குவில் வாசகி | நவம்பர் 3, இரவு 8.40

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் சொந்தப் போத்தல் கொண்டுபோய் நிரப்புகிற கடையில் நாலு மாதமாகச் சாமான் எடுக்கிறேன். சுவரில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: "வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து, அதன் நிறையை அதிலேயே எழுதுவோம். நிரப்பிய பின் அந்த நிறையைக் கழித்து, உள்ளே இருக்கும் சாமானுக்கு மட்டும் காசு எடுப்போம்." என் மிளகாய்த்தூள் போத்தலில் 398 என்று கறுப்புப் பேனையால் எழுதியிருக்கிறது. நேற்றுத் தூள் முடிந்ததும் கழுவிக் காயவிட்டு, கேக் அடிக்க வாங்கிய வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். 412 காட்டியது. அந்த 14 கிராமுக்கும் மிளகாய்த்தூள் விலை கொடுத்திருக்கிறேனா? கடைத் தங்கச்சியும் இங்கே எழுதுகிறவர் என்று கேள்விப்பட்டேன். அவரே சொல்லட்டும்.

கடைக்காரி | நவம்பர் 3, இரவு 10.15

நான்தான் அக்கா. அந்த அறிவித்தலை எழுதியதும் நான்தான். போத்தலை மூடியோடு கொண்டு வாருங்கள், உங்கள் முன்னால் நிறுப்போம். வீட்டுத் தராசு ஒன்றிரண்டு கிராம் கூடக் குறையக் காட்டும். ஆனால் 14 கிராம் வித்தியாசம் தராசால் மட்டும் வராது.

கணக்கன் | நவம்பர் 4, காலை 6.50

இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு? தராசில் TARE என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வெறும் போத்தலை வைத்து அதை அழுத்தினால் பூச்சியமாகிவிடும். பிறகு நிரப்பினால் சாமானின் நிறை மட்டும்தான் வரும். போத்தலில் எழுதுவது பழைய காலத்து வேலை.

கடைக்காரி | நவம்பர் 5, மாலை 7.30

அக்கா வந்தார். விடை மூடியில் இருந்தது.

ஜூலை மாதம் அந்தப் போத்தலில் 398 எழுதியபோது அதற்குப் பிளாஸ்ரிக் மூடி. அது வெடித்துவிட, ஜாம் போத்தலின் தகர மூடியைப் போட்டிருக்கிறார். மூடிகளைத் தனித்தனியாக நிறுத்தோம். வெடித்த மூடி அக்காவின் லாச்சியில் கிடந்தபடியால் அதையும் கொண்டு வந்திருந்தார். பிளாஸ்ரிக் 9 கிராம், தகரம் 22 கிராம். மூடி இல்லாத போத்தல் 389. ஆகப் பழைய மூடியோடு 398, புது மூடியோடு 411. வீட்டுத் தராசு ஒரு கிராம்தான் கூடக் காட்டியிருக்கிறது, நல்ல தராசு.

இனிக் காசு. கடைசியாகத் தூள் எடுத்த அன்று நிரப்பிய போத்தல் 911. நாங்கள் 398ஐக் கழித்து 513 கிராமுக்குப் பில் போட்டிருக்கிறோம். உள்ளே இருந்தது 500. எங்கள் மிளகாய்த்தூள் கிலோ 2,000 ரூபா. 13 கிராமுக்கு 26 ரூபா. அதைத் திருப்பிக் கொடுத்தேன். மூடி மாறிய பிறகு இரண்டு முறை எடுத்ததாகச் சொன்னார், எனவே 52 ரூபா.

எங்கள் அறிவித்தலில் மூடி என்ற சொல்லே இல்லை. அது என் பிழை. நிரப்பும்போது மூடியைக் கழற்றி வைப்போம், பிறகு பூட்டிவிட்டு நிறுப்போம். வெறும் போத்தலை நிறுத்த அன்று மூடி இருந்ததா இல்லையா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று இரவு அறிவித்தலில் ஒரு வரி சேர்க்கிறேன்: "மூடியோடு நிறுப்போம். மூடி மாறினால் சொல்லுங்கள்."

கொக்குவில் வாசகி | நவம்பர் 5, இரவு 9.05

52 ரூபா கிடைத்தது. காசுக்காகக் கேட்கவில்லை, தங்கச்சிக்குத் தெரியும். ஆனால் "மூடி மாறினால் சொல்லுங்கள்" என்றால் எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்? எனக்கே வரவில்லை.

செக்கெண்ணெய் | நவம்பர் 6, பிற்பகல் 1.20

நிறைக் கணக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், என் வழக்கையும் கேளுங்கள். அதே கடையில் 750 போத்தலுக்கு நல்லெண்ணெய் எடுத்தேன். பில்லில் 690 கிராம் என்று இருக்கிறது. 60 எங்கே போனது? எங்கள் ஊரில் காலங்காலமாகப் போத்தல் கணக்கில்தான் எண்ணெய் விற்கிறது. போத்தல் நிறைந்தால் போத்தல் காசு. இந்தக் கிலோக் கணக்கு ஏமாற்று மாதிரித் தெரிகிறது.

கடைக்காரி | நவம்பர் 6, இரவு 8.00

அண்ணை, உங்கள் போத்தல் நிறைந்துதான் இருந்தது, எண்ணெய் ஒரு துளியும் குறையவில்லை. 750 என்பது மில்லிலீற்றர், 690 என்பது கிராம். தண்ணீருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறதல்லவா, அதே இடத்தில் அதன் நிறை குறைவு. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டுமே ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 920 கிராம் வரும். அதன்படி 750 மில்லிலீற்றருக்கு 690 கிராம்.

விலையை ஒப்பிட வேண்டுமென்றால் எங்கள் கிலோ விலையை 0.69 ஆல் பெருக்குங்கள். நல்லெண்ணெய் கிலோ 1,400 என்றால் ஒரு போத்தல் 966 ரூபா. சந்தையில் போத்தல் 950க்குத் தருகிறார்கள் என்றால் அவர்கள் 16 ரூபா மலிவு, அங்கே வாங்குவதுதான் நியாயம். கிலோ 1,400 என்ற எண்ணையும் போத்தல் 950 என்ற எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் கொள்ளையடிக்கிறோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

செக்கெண்ணெய் | நவம்பர் 6, இரவு 9.45

சரி, விளங்குகிறது. அப்படியென்றால் போத்தல் விலையையும் பக்கத்தில் எழுதிவிடலாமே? அம்மாவுக்கு 0.69 ஆல் பெருக்கச் சொல்ல என்னால் முடியாது.

கடைக்காரி | நவம்பர் 7, காலை 7.10

எழுதுகிறேன். எண்ணெய்த் தாங்கிகளில் இன்றைக்கே "ஒரு போத்தல் சுமார் இவ்வளவு ரூபா" என்று ஒட்டுகிறேன். சுமார் என்று போடுவதற்குக் காரணம், கழுத்துவரை விடுகிறவர்களும் வாய்வரை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாய்வரை விட்டால் 750ஐத் தாண்டும். பில் நிறைப்படிதான் வரும்.

பழைய தராசு | நவம்பர் 8, காலை 5.30

முப்பது வருடம் தராசு திருத்தினவன். கணக்கன் தம்பி சொன்னது பாதி சரி. TARE அழுத்துவது நல்லதுதான், ஆனால் அழுத்தும்போது தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மூடி இல்லாமல் அழுத்திவிட்டு மூடியோடு நிறுத்தால் அதே பிழை வரும், எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

வாடிக்கையாளர் கவனிக்க ஒன்று சொல்கிறேன். TARE அழுத்திய பிறகு போத்தலைத் தூக்கினால் தராசு கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் காட்டும். வாசகிப் பிள்ளையின் போத்தல் என்றால் -411. அதுதான் அவர்கள் கழிக்கப்போகிற நிறை. தூள் நிரப்பப் போத்தலை எடுத்துக்கொண்டு போவார்களே, அந்த நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்து வையுங்கள். உங்கள் முறை வரும்போது வெறும் தட்டில் ஏற்கெனவே கழித்தல் எண் நின்றால், முன்னால் வந்தவருடைய போத்தல் இன்னும் தராசின் ஞாபகத்தில் இருக்கிறது. அதை முதலில் அழிக்கச் சொல்லுங்கள்.

சாவகச்சேரி மருமகள் | நவம்பர் 11, இரவு 7.55

என் மாமிக்கு நடந்தது வேறு. வேறொரு கடை, பெயர் வேண்டாம். மாமியின் பருப்பு ரின்னில் 520 என்று எழுதியிருக்கும். அடியில் கொஞ்சம் பருப்பு மிச்சம் இருக்க அப்படியே கொண்டுபோனார். மேலே அரைக் கிலோ போடச் சொன்னார். ரின் 1,200 காட்ட, 520 கழித்து 680 கிராமுக்குக் காசு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்து, "அரைக் கிலோதானே சொன்னேன்" என்று இரவு முழுக்கப் புலம்பினார். மிச்சம் இருந்த 180 கிராமை இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பது அடுத்த நாள்தான் எனக்கு ஓடியது. பருப்பு கிலோ 400 ரூபா. 72 ரூபா. ஓய்வூதியத்தில் இருக்கிற மனிசிக்கு 72 ரூபா பெரிது.

கடைக்காரி | நவம்பர் 11, இரவு 10.40

இதை வாசித்ததிலிருந்து மனம் சரியில்லை. எங்கள் கடையிலும் இது நடந்திருக்கலாம். மிச்சத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் பிள்ளைகளும் போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் கழிக்கிறார்கள். யாராவது மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நாளையிலிருந்து எழுதிய எண்ணை நம்பிக் கழிப்பதை நிறுத்துகிறோம். பாத்திரம் உள்ளே வந்ததும், எப்படி வருகிறதோ அப்படியே, மிச்சத்தோடும் மூடியோடும் தட்டில் வைத்து TARE. பிறகு நிரப்பி, அதே மூடியோடு நிறுத்துப் பில். மாமியின் ரின் என்றால் 520ம் 180மாக 700, அதுதான் கழியும். 1,200இல் மிஞ்சுவது 500.

கணக்கன் | நவம்பர் 11, இரவு 11.02

இதைத்தானே முதல் நாளே சொன்னேன்.

கடைக்காரி | நவம்பர் 12, காலை 6.30

சொன்னீர்கள் தம்பி. நான் அன்றைக்கு ஏற்காததற்கு ஒரு காரணம் இருந்தது, அது இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஆறு போத்தலோடு நிற்பார்கள். எழுதிய எண் இருந்தால் ஒருமுறை நிறுத்தால் போதும். இப்போது ஒவ்வொன்றையும் இரண்டு முறை. கவுண்டரில் ஒரு தராசுதான்.

இன்னொன்று. மிச்சத்தோடு நிறுப்பது காசுக்குச் சரி. பழையதன் மேல் புதியதைக் கொட்டுவது சாமானுக்குச் சரியில்லை. பருப்பின் அடியில் வண்டு இருந்தால் போகப்போக முழு ரின்னும் போய்விடும். எண்ணெய் அதைவிட மோசம். போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கிற பழைய எண்ணெய் சிக்கு மணம் பிடித்திருந்தால், மேலே விடுகிற புது எண்ணெயும் சீக்கிரம் அந்த மணத்துக்கு வந்துவிடும். மூடியைத் திறந்து மணந்து பாருங்கள், பழைய மெழுகு வண்ணப் பென்சில் மாதிரி ஒரு வாடை வந்தால் அந்தப் போத்தலைச் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவாமல் கொண்டு வர வேண்டாம். மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் கொட்டி வைத்து முதலில் அதை முடிப்பதே நல்லது.

கழுவினால் காய வேண்டும். அரைநாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள், மூடியைத் தனியாக. மூடியின் உட்புறத் தகட்டுக்கும் ரப்பர் வளையத்துக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். கண்ணாடியைத் துடைக்கிற எல்லாரும் அந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். மாத்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் அங்கேதான் முதலில் கட்டிபடும்.

பழைய தராசு | நவம்பர் 14, காலை 5.45

பிள்ளை, தராசு பற்றி இன்னொரு விஷயம் விட்டுப்போயிற்று. உங்கள் கவுண்டர்த் தராசின் பக்கத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கடைக்காரி | நவம்பர் 14, இரவு 8.20

`Max 15 kg  Min 100 g  e = 5 g`

பழைய தராசு | நவம்பர் 15, காலை 5.40

நினைத்தேன். அந்தத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் நகரும். அரிசி, சீனி, பருப்புக்கு அது போதும். 100 கிராமுக்குக் கீழே அதில் விற்கக்கூடாது, Min என்பதன் பொருள் அதுதான். ஆனால் 9, 22, 389 என்று எழுதினீர்களே. அது இந்தத் தராசில் வந்திருக்க முடியாது.

கடைக்காரி | நவம்பர் 15, காலை 9.00

சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. வாசகி அக்காவின் போத்தலை உள்ளே வாசனைச் சாமான் பொதி செய்கிற சின்னத் தராசில் நிறுத்தேன். அது 3 கிலோவரை, ஒரு கிராமுக்கு ஒரு கிராம் காட்டும். ஜூலையில் 398 எழுதியதும், பிறகு 911 என்று நிறுத்ததும் அதில்தான். தூள் வகை எல்லாவற்றையும் அதில்தான் நிறுப்போம். ஆனால் கூட்டம் கூடினால் ஏலக்காயைக்கூடச் சில நேரம் கவுண்டரில் வைத்துவிடுகிறார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன், பெரிதாக எடுக்கவில்லை.

கணக்கன் | நவம்பர் 15, பிற்பகல் 12.30

ஏலக்காய் 12 கிராம் என்றாலும் கண்ணாடிப் போத்தல் 200 கிராம் இருக்கிறதே. மொத்தம் 100ஐத் தாண்டிவிட்டது. பிறகென்ன பிரச்சினை? தராசில் முத்திரையும் இருக்கிறது.

பழைய தராசு | நவம்பர் 15, பிற்பகல் 3.10

தம்பி, போத்தலின் நிறைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. காசு அந்த 12 கிராமுக்கு. ஐந்தில் நகர்கிற தராசு அதை 10 என்றும் காட்டலாம், 15 என்றும் காட்டலாம். கனமான போத்தலைக் கீழே வைத்தால் அந்த ஐந்து சின்னதாகிவிடாது. முத்திரை என்பது அந்தத் தராசு தன் தகட்டில் எழுதிய எல்லைக்குள் சரியாக வேலை செய்கிறது என்பதற்குத்தான். வருடாவருடம் முத்திரை குத்தினாலும் எல்லைக்கு வெளியே நிறுத்தால் அது நிறுப்பவரின் பிழை.

கடைக்காரி | நவம்பர் 15, இரவு 9.30

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஏலக்காய் கிலோ 15,000 ரூபா. 12 கிராமுக்கு 180. தராசு 10 காட்டினால் 150, எனக்கு 30 ரூபா நட்டம். 15 காட்டினால் 225, வாங்குகிறவருக்கு 45 ரூபா நட்டம். வாசகி அக்காவின் மூடிப் பிழை ஒருமுறைக்கு 26 ரூபா. அதற்கு இத்தனை நாள் பேசினோம், இது கண்ணில் படாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சின்னத் தராசை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கவுண்டருக்கு மேலே ஓடுகிற மின்விசிறிக் காற்றில் அதன் எண் நிற்காமல் ஆடியது. இப்போது மூன்று பக்கமும் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறேன். எண் நின்ற பிறகுதான் பில் அடிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

சாவகச்சேரி மருமகள் | நவம்பர் 27, மாலை 6.15

அக்கா, பனையோலைப் பெட்டி கொண்டு வரலாமா? மாமியிடம் மூடியுள்ள சின்னப் பெட்டிகள் நாலைந்து இருக்கின்றன. பயறும் உழுந்தும் அதில்தான் வைப்பார்.

கடைக்காரி | நவம்பர் 27, இரவு 8.50

தாராளமாக. பயறு, உழுந்து, கௌபி எல்லாம் அதில் நன்றாக நிற்கும். தூளும் மாவும் வேண்டாம், பின்னல் இடுக்கால் சிந்தும்.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் என் பெட்டியை நிறுத்துப் பார்த்தேன். ஓகஸ்ட் மாதம் அதன் அடியில் நானே 186 என்று எழுதியிருந்தேன். இன்று 203. ஒரு வாரமாக மழை, ஓலை ஈரத்தைக் குடித்திருக்கிறது. தை பிறந்து வெயில் வந்தால் திரும்பக் குறையும். துணிப்பையும் இப்படித்தான். கண்ணாடியும் எவர்சில்வரும் மாரியிலும் கோடையிலும் ஒரே நிறை.

எழுதி வைக்கிற முறையை விட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது. 186ஐக் கழித்திருந்தால் மழைத் தண்ணீருக்கும் உழுந்து விலை எடுத்திருப்பேன்.

கொக்குவில் வாசகி | டிசம்பர் 2, இரவு 8.10

நேற்று வந்தேன். எல்லாம் இரண்டு முறை நிறுத்தார்கள், சரி. ஆனால் முக்கால் மணித்தியாலம் நின்றேன். என் பின்னால் நின்ற அன்ரி இரண்டு போத்தலையும் நிரப்பாமலே திரும்பிப் போனார். நான் கேட்ட கேள்வியால்தான் இந்த வரிசை என்று ஒரு மாதிரியாக இருந்தது. கண்ணாடிப் போத்தலுக்கு மட்டுமாவது எழுதிய எண்ணை வைத்துக்கொள்ளலாமே? மூடியிலும் அதே எண்ணை எழுதினால் மூடி மாறியது உடனே தெரியும்.

கடைக்காரி | டிசம்பர் 3, காலை 6.20

அக்கா, மூடியிலும் எழுதுவது நல்ல யோசனை. மூடி மாறுவதை அது பிடிக்கும். மிச்சத்தைப் பிடிக்காது. கண்ணாடியில் மிச்சம் வெளியே தெரியும், ஆனால் அவசரத்தில் யார் பார்ப்பார்கள் என்பதுதான் என் பயம். பெண்கள் வரிசையில் நின்று திரும்பிப் போவதும் எனக்குத் தாங்கவில்லை. இப்போதைக்கு இப்படிச் செய்து பார்க்கிறேன்: போத்தலிலும் மூடியிலும் ஒரே எண் இருந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் எழுதிய எண்ணைக் கழிப்போம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் TARE.

பழைய தராசு | டிசம்பர் 3, காலை 6.55

எனக்கு இதில் சம்மதமில்லை. மூன்று நிபந்தனையை வெள்ளிக்கிழமை பின்னேரம் எந்தப் பிள்ளையும் சரிபார்க்காது. இரண்டாவது தராசு வாங்குங்கள். ஒருவர் வரும்போதே நிறுக்கட்டும், மற்றவர் நிரப்பிய பிறகு நிறுக்கட்டும். இரண்டையும் ஒரே கிழமையில் முத்திரைக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று ஒரு பக்கம் இழுக்கும், மற்றது மறு பக்கம் இழுக்கும்.

கடைக்காரி | டிசம்பர் 6, இரவு 10.00

தராசு விலை விசாரித்திருக்கிறேன் ஐயா, தைப்பொங்கல் வியாபாரம் முடியத்தான் கை வைக்கலாம். அதுவரை வாசகி அக்கா சொன்னபடி. சுவரில் பழையதைக் கிழித்துவிட்டு இன்று ஒட்டியது இது:

"கழுவி, மூடியையும் தனியாகக் காயவைத்த பாத்திரம் கொண்டு வாருங்கள். வந்தவுடன் மூடியோடு நிறுப்போம். போத்தலிலும் மூடியிலும் ஒரே எண் இருந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் அந்த எண்ணையே எடுப்போம். மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை. நிரப்பிய பின் அதே மூடியோடு நிறுப்போம். இரண்டாவது எண்ணிலிருந்து முதலாவது எண்ணைக் கழித்தால் வருவதுதான் உங்கள் சாமான். இரண்டு எண்ணும் பில்லில் இருக்கும். 100 கிராமுக்குக் குறைந்த எல்லாம் சின்னத் தராசில். எண்ணெய் கிலோ விலை, பக்கத்தில் இருப்பது போத்தலுக்கு உத்தேச விலை."

செக்கெண்ணெய் | டிசம்பர் 7, காலை 11.30

அம்மா வாசித்துப் பார்த்தா. போத்தல் விலை இருந்தது போதும் என்றா. பில்லில் இரண்டு எண்ணும் எதற்கு என்று கேட்கிறா.

சாவகச்சேரி மருமகள் | டிசம்பர் 7, பிற்பகல் 2.05

என் மாமி அதைத்தான் முதலில் பார்த்தார். 700, 1,200 என்று இரண்டு எண்ணையும் விரலால் தொட்டு வாசித்துவிட்டுப் பில்லை மடித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார்.